புலன அழைப்பிதழில் சுருக்கமும் மரியாதையும்

ஜாசின் வட்டாரத்துத் தோட்டங்களில் விழாவிற்கு வீடுதோறும் சென்று வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது வழக்கம். அழைப்பைக் குடும்பப் புலனக் குழுவில் விடுக்கும்போது, நேரில் கைகூப்பிக் காட்டும் பணிவினைச் சொற்களே சுமக்கின்றன. எனவே எச்சொல்லை நீக்கலாம் என்பது ஆராய்தற்குரியது.

காதணி விழா அழைப்பொன்றை எடுத்துக்கொள்வோம்:

“தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து, குழந்தையை வாழ்த்தி, ஆசீர்வதித்து, விழாவினைச் சிறப்பிக்குமாறு அன்புடன் அழைக்கிறோம்.”

இதனைச் “ஞாயிறு காலை 10க்குக் காதணி விழா. வரவும்” எனச் சுருக்கினால் இரு குறைகள் நேர்கின்றன. ‘வரவும்’ என்பது அலுவலக அறிவிப்பின் வினைமுடிபு. அதில் அழைப்பவர் இல்லை. மேலும், தனியே வருவதா குடும்பத்துடன் வருவதா என்பதும் விளங்கவில்லை.

மூல வாக்கியத்தில் வருகை தந்து, வாழ்த்தி, ஆசீர்வதித்து, சிறப்பிக்குமாறு என வினைகள் அடுக்கப்பட்டுள்ளன. வருதலும் வாழ்த்துதலும் போதும். ‘அழைக்கிறோம்’ என்னும் தன்மைப் பன்மை முற்றினை நீக்கலாகாது. மரியாதை அதில்தான் தங்கியுள்ளது. ‘சுற்றமும் நட்பும் சூழ’ என்பதைக் ‘குடும்பத்துடன்’ என மாற்றினால் நண்பர்கள் விடுபடுவர். விருந்தினர் தொகையை எண்ணியே அதனை மாற்றவேண்டும்.

“வணக்கம். எங்கள் பேத்தியின் காதணி விழா 14.6.2026, ஞாயிறு காலை மணி 10.00க்கு ஜாசின் ஆலய மண்டபத்தில் நடைபெறும். மதிய உணவு உண்டு. குடும்பத்துடன் வந்து வாழ்த்துமாறு அழைக்கிறோம்.”

இதன்கீழ் ஆலயத்தின் பெயரும் அழைப்போர் பெயர்களும் முறையும் இடம்பெற வேண்டும். எண்ணைச் சேமித்திராத உறவினருக்கு அனுப்பியவர் யாரெனத் தெரியாமல் போகலாம்.

எனினும், மடியில் குழந்தையை அமர்த்தும் தாய்மாமனுக்கு இச்செய்தி போதாது. அவரை நேரில் அழைத்த பின்னரே குழுவில் அறிவித்தல் முறையாகும்.