ஸ்டியரிங்கைப் பிடித்தாலே கை நடுங்குகிறதா?

வீட்டில் இன்னொரு கார் சும்மா நிற்கிறது. கற்றுத்தர, லைசென்ஸ் உள்ள அண்ணனும் இருக்கிறார். ஆனால், ‘வண்டி பாய்ந்துடுமோ’ன்னு பயம், அப்படித்தானே?

ஆக்ஸிலரேட்டரை அழுத்தியபடி கிளட்சைச் சட்டென்று விட்டால்தான் வண்டி பாயும். எனவே எல்.எல்.ஆர். வாங்கி, ‘எல்’ போர்டு மாட்டி, சமதளமான காலி மைதானத்துக்குப் போங்கள். முதல் நாள் ஆக்ஸிலரேட்டரைத் தொடவே வேண்டாம்.

கிளட்சை முழுக்க அழுத்தி, முதல் கியர் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இறக்குங்கள். இனி கிளட்சை மெள்ள மெள்ள விடுங்கள். ஓரிடத்தில் வண்டி லேசாக அதிரும். காலை அங்கேயே நிறுத்தினால் நடை வேகத்தில் நகரும். அவசரப்பட்டால் குலுங்கி ஆஃப் ஆகும், அவ்வளவுதான். நிறுத்த, கிளட்சையும் பிரேக்கையும் அழுத்துங்கள்.

பயிற்சிப் பள்ளி கார் மாதிரி அண்ணன் பக்கம் பிரேக் இருக்காது. அவர் கை ஹேண்ட்பிரேக் மேலேயே இருக்கட்டும். அந்த அதிர்வு காலுக்குப் பிடிபட்ட பிறகே ஆக்ஸிலரேட்டர்!