உங்களுக்குத் தெரியுமா? மொழி போட்ட எல்லைக்கோடு

● விழுப்புரம், திண்டிவனம் பக்கம் குரூப் 2, குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்கள் பலர் சறுக்கும் இடம் இது. மொழி அடிப்படையில் அமைந்த முதல் மாநிலம் எது? ‘ஆந்திரப் பிரதேசம், 1956’ என்று குறித்தால் மதிப்பெண் போச்சு. சரியான விடை ஆந்திர மாநிலம், 1 அக்டோபர் 1953. கர்னூல்தான் அதன் தலைநகர். தெலங்கானா சேர்ந்து ஆந்திரப் பிரதேசம் ஆனது 1 நவம்பர் 1956-இல்.

● தெலுங்கருக்குத் தனி மாநிலம் கேட்டு பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதம் இருந்து உயிர்விட்டது நம் சென்னையில். 1952 அக்டோபர் 19-இல் தொடங்கி 58 நாள் தாங்கினார்; டிசம்பர் 15-இல் இறந்தார். கலவரம் மூண்டது. நான்கே நாளில் நேரு இறங்கிவந்து மாநிலம் தருவதாக அறிவித்தார், சென்னை நகரம் நீங்கலாக.

● சென்னை தங்கியது, திருத்தணி போனது. காரணம், 1953-இல் மாவட்டத்தை அலகாக வைத்துப் பிரித்ததுதான். சித்தூர் மாவட்டம் மொத்தமாக ஆந்திராவுக்குச் சென்றதால், அதற்குள் இருந்த தமிழ் ஊர்களும் கூடவே போயின. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் விடாமல் போராடினார்கள். பிறகு எல்லைத் தகராறுக்கு நடுவராக வந்த படாஸ்கர் மாவட்டத்தை விட்டுவிட்டு கிராமத்தை அலகாக எடுத்துக்கொண்டார்: அந்த ஊரில் எந்த மொழி பேசுவோர் அதிகம், ஊர் எந்தப் பக்கத்தோடு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தார். 1 ஏப்ரல் 1960-இல் திருத்தணி திரும்பி வந்தது. அதே கணக்கில் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து சத்தியவேடு ஆந்திராவுக்குப் போனது. திருப்பதி வரவில்லை. ‘திருத்தணி சேர்ந்த ஆண்டு’ என்ற கேள்விக்கு 1956-ஐத் தொடாதீர்கள்; அது கன்னியாகுமரிக்கும் செங்கோட்டைக்கும் உரிய ஆண்டு.

● திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த ராமசாமி ரெட்டியார் 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் முதல்வர். நேர்மைக்குப் பேர்போனவர். அவர் ஆட்சியில்தான் 1948-இல் பள்ளிகளில் இந்தி மறுபடியும் நுழைந்தது, பெரியார் தலைமையில் போராட்டமும் வெடித்தது. 1938 போராட்டம் ராஜாஜி ஆட்சியில் நடந்தது. ‘பொருத்துக’ கேள்வியில் இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுவிடுவார்கள்.

● விழுப்புரத்தில் புதுச்சேரி பஸ் ஏறிப் பாருங்கள். மதகடிப்பட்டில் புதுச்சேரி வரும். கண்டமங்கலத்தில் மறுபடி தமிழ்நாடு. அரியூரில் திரும்பவும் புதுச்சேரி. வழிநெடுக ஒரே தமிழ்தான். இந்த எல்லைக்கோட்டை மொழி போடவில்லை, பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஊர் ஊராகப் பங்கிட்டதால் விழுந்தது. 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் வாக்களித்த 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேரச் சொன்னார்கள். 1956 இந்திய-பிரெஞ்சு ஒப்பந்தமோ, மக்கள் விருப்பத்தை அறியாமல் அந்தப் பகுதியின் தனி நிலையை மாற்றக்கூடாது என்றது. அதனால் மொழிவாரிப் பிரிவினை நாடு முழுக்க நடந்தபோதும் புதுச்சேரி தனியாகவே நின்றது. 1979-இல் அதைத் தமிழ்நாட்டோடு இணைக்கும் பேச்சு எழுந்ததும் புதுச்சேரித் தமிழர்களே தெருவில் இறங்கி எதிர்த்தார்கள், பேச்சு கைவிடப்பட்டது.