காணாமற்போன வியாபாரப் பொட்டலமும் இழப்பீட்டுக் கோரிக்கையும்

கெடா மாநிலத்துத் தோட்டப்புறங்களில், பால்வெட்டு வேலை முடிந்த பின்னர்த் தையல், பலகாரம் முதலிய சிறு தொழில்களை நடத்தித் தங்கள் பொருள்களைக் கூரியர் நிறுவனங்களின் மூலம் வெளியூர்களுக்கு அனுப்புவோர் இருக்கின்றனர். அவ்வாறு அனுப்பிய பொட்டலம் காணாமற்போனால் இழப்பீடு பெறுவது எவ்வாறு என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். பாடாங் செராய் வட்டாரத் தோட்டமொன்றைச் சேர்ந்த மாது ஒருவர், தாம் தைத்த 20 பஞ்சாபி உடைகளைக் கிள்ளானிலுள்ள ஒரு கடைக்கு அனுப்புகிறார். துணிக்கும் நூலுக்கும் அவர் செலவிட்டது 600 வெள்ளி. கடைக்காரர் தர ஒப்புக்கொண்ட விலை 1,000 வெள்ளி. இவை நன்கு விற்றால் மேலும் 100 உடைகள் வாங்குவதாகவும் கடைக்காரர் கூறியிருந்தார். பொட்டலம் போய்ச் சேரவில்லை. இம்மாது எவ்வளவு கோரலாம்?

இக்கேள்விக்கு அடிப்படையாக அமைந்தது இங்கிலாந்தில் 1854ஆம் ஆண்டு வழங்கப்பட்ட ஒரு தீர்ப்பாகும். குளோஸ்டர் நகர மாவு ஆலையொன்றின் இயந்திரத் தண்டு முறிந்தது. புதிய தண்டுக்கு மாதிரியாக அதனைக் கிரினிச்சுக்கு அனுப்பியபோது, ஏற்றிச் சென்ற நிறுவனம் தாமதம் செய்தது. ஆலை கூடுதல் நாள்கள் நின்று, இலாபம் போயிற்று. அந்த இலாப இழப்பைக் கோர இயலாது என நீதிமன்றம் கூறியது. தண்டு தாமதமானால் ஆலையே நின்றுவிடும் என்ற நிலைமை ஒப்பந்தத்தின்போது நிறுவனத்துக்குத் தெரிவிக்கப்படவில்லை என்பதே காரணம். நமது 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவும் இதே நெறியைக் கொண்டுள்ளது. இயல்பாக விளையும் இழப்பையும், இரு தரப்பினரும் முன்னரே அறிந்திருந்த இழப்பையும் மட்டுமே கோரலாம்.

ஆகவே, வரவிருந்த 100 உடைகளின் இலாபம் அம்மாதுக்குக் கிடைப்பது அரிது. பெட்டியிலிருந்த பொருளின் மதிப்பை அவர் கோரலாம். துணிக்கடைப் பற்றுச்சீட்டுகள் 600 வெள்ளியை மெய்ப்பிக்கும். 1,000 வெள்ளி கோருவதற்குக் கடைக்காரரின் எழுத்து மூலமான கொள்முதல் உத்தரவு வேண்டும்.

இங்கே பலர் இடறி விழுகின்றனர். காப்புறுதிக் கட்டணத்தை மிச்சப்படுத்த எண்ணி, அனுப்புச் சீட்டில் "துணி, 50 வெள்ளி" என எழுதிவிடுகின்றனர். பின்னர் நிறுவனம் அந்த 50 வெள்ளியையே சுட்டிக்காட்டும். மேலும், காப்புறுதி செய்யாத பொட்டலத்துக்கு இவ்வளவுதான் தருவோம் என்ற வரம்பும் நிறுவனங்களின் நிபந்தனைகளில் காணப்படும். எனவே உண்மை மதிப்பை எழுதி, அதற்கேற்பக் காப்புறுதி செய்து, பெட்டியைக் கட்டுமுன் பொருள்களைப் படம் எடுத்து வைப்பது நன்று.

பொட்டலம் தவறியதும் கண்காணிப்பு எண்ணைக் கொண்டு அதன் கடைசிப் பதிவைப் பார்க்க வேண்டும். ஓரிடத்திலேயே பல நாள்கள் நின்றிருந்தால், அந்நிலையத்தில் தேடுமாறு கேட்க வேண்டும். "ஒப்படைக்கப்பட்டது" எனக் காட்டியும் பெறுநருக்குக் கிடைக்கவில்லையெனில், பெற்றவரின் கையொப்பத்தையோ படத்தையோ கேட்க வேண்டும். நிபந்தனையில் குறித்த நாள்களுக்குள் புகாரை எழுத்தில் அனுப்ப வேண்டும். கண்காணிப்பு எண், ஒப்படைத்த நாள், பொருள் விவரம், கோரும் தொகை, பதிலுக்கான கெடு ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். பொருளை ஒப்படைத்ததை நீங்கள் மெய்ப்பித்துவிட்டால், தக்க கவனத்துடன் காத்தோம் என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு நிறுவனத்தைச் சாரும்.

நிறுவனம் மறுத்தால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் முறையிடலாம். கூரியர் நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கிக் கண்காணிப்பது அதுவே. ஆயினும், பணத்துக்கான தீர்ப்புத் தேவையெனில் வேறு வாயிலை நாட வேண்டும். பயனீட்டாளர் உரிமைக் கோரல் நடுவர் மன்றம் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. ஆனால் அது சொந்தப் பயனுக்காக வாங்குவோருக்கென ஏற்பட்டது. வியாபாரப் பொருளென்றால், "இவர் பயனீட்டாளர் அல்லர்" என்ற ஆட்சேபம் எழக்கூடும்.

5,000 வெள்ளிக்கு மேற்படாத கோரிக்கையாயின், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை வழக்கு முறை அந்த ஆட்சேபத்துக்கு இடம் தராது. தனி நபர் எவரும் வழக்கறிஞரின்றித் தாமே இவ்வழக்கைத் தொடுக்கலாம். நீதிமன்றப் பதிவகத்தில் 198ஆம் பாரத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். எடுத்துக்காட்டிற் கண்ட மாது தம்முடன் கொண்டு செல்ல வேண்டியவை நான்கு: அனுப்புச் சீட்டு, துணிக்கடைப் பற்றுச்சீட்டுகள், கடைக்காரரின் உத்தரவு, நிறுவனத்துக்கு எழுதிய புகாரின் நகல். இவற்றுள் முதல் மூன்றும் பொட்டலம் வீட்டை விட்டுப் புறப்படுமுன்னரே அவர் கைவசம் இருந்திருக்க வேண்டியவை என்பதைக் கவனிக்க.