சத்தமில்லாமல் அழியும் திருத்தம்

மருத்துவமனையில் ஒரு நோயாளியின் பதிவை வார்டு செவிலியரும் வரவேற்பாளரும் ஒரே நேரத்தில் திறக்கிறார்கள். செவிலியர் பென்சிலின் ஒவ்வாமையைக் குறித்துச் சேமிக்கிறார். அடுத்து வரவேற்பாளர் தொலைபேசி எண்ணைத் திருத்திச் சேமிக்கிறார். அவருடைய படிவம் பழைய விவரம் முழுவதையும் அனுப்புவதால் ஒவ்வாமைக் குறிப்பு அழிந்துவிடுகிறது. பிழைச் செய்தி எதுவும் வராது, அதுதான் பயங்கரம்.

இதைத் தடுக்கும் முறைதான் ஆப்டிமிஸ்டிக் லாக்கிங். இதில் யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. பதிவோடு ஒரு பதிப்பு எண் இருக்கும். படிவத்தோடு போய், சேமிக்கும்போது திரும்பி வரும்.

```sql
UPDATE patients
SET phone = '...', allergy = '', version = 8
WHERE id = 42 AND version = 7;
```

செவிலியர் சேமித்தபோதே எண் 8 ஆகிவிட்டது. ஆகவே வரவேற்பாளரின் கட்டளை ஒரு வரியைக்கூட மாற்றாது. மாறிய வரிகள் 0 என்றால் நிரல் சேமிப்பை மறுத்து, புதிய விவரத்தைக் காட்ட வேண்டும். அந்த 0-வைக் கவனிக்காத நிரல் 'சேமிக்கப்பட்டது' என்று பொய் சொல்லும்.

சோதிப்பதற்கு இரண்டு பேர் ஒரே நொடியில் பொத்தானை அழுத்த வேண்டியதில்லை, வரிசைதான் முக்கியம். இரண்டு உலாவிகளில் தனித்தனியாக உள்நுழைந்து, இரண்டிலும் பதிவைத் திறந்த பிறகே ஒன்றில் சேமியுங்கள். பிறகு மற்றதில் சேமியுங்கள். மறுப்புச் செய்தி வந்தால் மட்டும் போதாது, தரவுத்தளத்தில் ஒவ்வாமைக் குறிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டாவது சேமிப்பும் தடையின்றிப் போனால், நான் முதலில் சந்தேகிப்பது ஒன்றைத்தான்: படிவத்தில் வந்த எண்ணை விட்டுவிட்டு, சேமிக்கும் நொடியில் சர்வர் தரவுத்தளத்திலிருந்து எண்ணைப் புதிதாகப் படித்திருக்கும். அப்படிச் செய்தால் எண் எப்போதும் பொருந்தும்.