பொட்டு வைக்கிற மாதிரி மேலே இழு

போன செப்டம்பரில் என் மகள் மேற்படிப்புக்காக ஜெர்மனிக்குப் போனாள். கிளம்புவதற்கு முன் சிவகங்கைப் பக்கம் இருக்கிற எங்கள் ஊருக்கு வந்து, ஒரு புது செல்போனை அப்பத்தாவின் கையில் கொடுத்தாள். "இதுல மூஞ்சியப் பாத்தே பேசலாம் அப்பத்தா" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டாள். சொல்லிக் கொடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது.

அம்மாவுக்கு 74 வயது. அதுவரை வைத்திருந்தது பட்டன் போன். பச்சையை அமுக்கினால் பேசலாம், சிவப்பை அமுக்கினால் வைத்துவிடலாம். நான் பெரிய வாத்தியார் மாதிரி ஒரு நோட்டில் பதினான்கு படிகள் எழுதிக் கொடுத்துவிட்டு மதுரைக்குத் திரும்பினேன். அடுத்த வாரம் போனபோது அந்த நோட்டில் பால் கணக்கு ஏறியிருந்தது. "பேத்தி கூப்புடுது, நானும் பச்சையத்தான் அமுக்குறேன். எடுக்க மாட்டேங்குது. போன் கெட்டுப்போச்சுடா தம்பி" என்றார்.

வயதாகிவிட்டது, மறந்துவிடுகிறார் என்றுதான் நினைத்தேன். பக்கத்து அறையிலிருந்து நானே வாட்ஸ்அப்பில் கூப்பிட்டுவிட்டு, எட்டிப் பார்த்தேன். அவருக்கு எதுவும் மறக்கவில்லை. பச்சையைச் சரியாகத் தேடி, அதன்மேல் விரலை வைத்து அமுக்கினார். ஆனால் அணைந்து கிடக்கும் போனுக்கு அழைப்பு வந்தால், அந்தப் பச்சை வட்டத்தைத் தொட்டால் போதாது. தொட்டு மேலே இழுக்க வேண்டும். பைக்குள் இருக்கும்போது தானாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. போன் விழித்திருக்கும்போது அழைப்பு வந்தாலோ கதையே வேறு: திரையின் உச்சியில் ஒரு பட்டை வரும், அங்கே இழுக்கக் கூடாது, தொட வேண்டும். ஒரே வேலைக்கு இரண்டு முறை. நமக்குக் கை பழகிவிட்டதால் இந்த வித்தியாசமே கண்ணில் படுவதில்லை.

இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். போனை ஜன்னல் திண்டில் வைத்துவிட வேண்டும், நேரம் வரும்வரை தொடவே கூடாது. அப்படியானால் எப்போதும் இழுக்கிற அழைப்புதான் வரும். 'ஸ்வைப்' என்று சொல்லிப் பார்த்தேன், தள்ளு என்றேன், ஏறவில்லை. "சின்னப் பிள்ளைக்கு நெத்தியில பொட்ட மேல இழுத்து விடுவீங்கள்ல, அது மாதிரிம்மா" என்றதும், மோதிர விரலை வைத்து ஒரே இழுப்பாக இழுத்தார். திரையில் என் முகம் வந்தது. இன்றைக்கும் மோதிர விரல்தான்.

ஆனால் பத்துத் தடவை கூப்பிட்டால் மூன்று தடவை இழுப்பு விழவில்லை. அதே இடத்தில் நான் இழுத்தால் விழுகிறது. கோளாறு போனிலும் இல்லை, அம்மாவின் நினைவிலும் இல்லை, தோலில் இருந்தது. தொடுதிரைக் கண்ணாடிக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திக் கோடுகள் வலைபோல ஓடுகின்றன. அவற்றில் மிகச் சிறிய மின்னூட்டம் இருக்கிறது. ஈரமும் உப்பும் உள்ள நம் விரல் அருகே வந்ததும் அந்த மின்னூட்டம் கொஞ்சம் மாறுகிறது. அதைத்தான் போன் 'தொட்டார்கள்' என்று புரிந்துகொள்கிறது. வயதான தோலில் ஈரம் குறைவு. அறுபது வருடம் பாத்திரம் துலக்கி, களை பறித்துக் காய்த்துப்போன விரல் என்றால் மாற்றம் இன்னும் குறைவு. போதாததற்கு நான் மேலே தடிமனான பாதுகாப்புக் கண்ணாடி வேறு ஒட்டிக் கொடுத்திருந்தேன். அதை உரித்து எறிந்தேன். விரலை நனைத்து முந்தானையில் ஒற்றிவிட்டு, நகத்தால் இல்லாமல் சதையால் தொடச் சொன்னேன். மூன்று தவறுவது ஒன்றாகக் குறைந்தது.

விழவில்லை என்றதும் யாரும் செய்வதைத்தான் அவரும் செய்தார்: இன்னும் அழுத்தி, இன்னும் நேரம் வைத்திருந்தார். போனுக்கு அது வேறு கட்டளை. ஒரு நாள் வாட்ஸ்அப் படமே இடம் பெயர்ந்து பக்கத்துப் பக்கத்துக்குப் போய்விட்டது. "பச்சை காணாமப் போச்சு" என்று நாள் முழுக்கக் கவலை. ஆண்ட்ராய்டு அமைப்புகளில் Accessibility என்ற பகுதியில் Touch & hold delay என்று ஒன்று இருக்கிறது. அதை Long என்று மாற்றினால், கொஞ்சம் நேரம் தாமதித்து விரலை வைத்திருந்தாலும் போன் பொறுத்துக்கொள்கிறது. புதுப் போன் வாங்கிக் கொடுக்கிற அன்றே செய்திருக்க வேண்டிய வேலை.

எடுக்கத் தெரிந்த பிறகு முதல் முறையாகப் பேத்தியோடு பேசியபோது, பழக்கத்தில் போனைக் காதில் வைத்துக்கொண்டார். "அப்பத்தா, ஒங்க தோடு மட்டுந்தான் தெரியுது" என்று அங்கே ஒரே சிரிப்பு. கன்னம் திரையில் பட்டு ஒருமுறை அழைப்பே துண்டித்துப் போனது. சத்தம் வெளியே கேட்கும், காதில் வைக்க வேண்டாம் என்று சொல்வதைவிட, கையில் வைக்காமல் இருப்பதே நல்லது என்று தோன்றியது. இப்போது அரிசி அளக்கிற படியின்மேல் போன் சாய்ந்து நிற்கிறது. முதலில் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். பின்னால் வெளிச்சம் அதிகமாக இருந்தால் கேமரா அதற்கேற்பக் கண்ணைச் சுருக்கிக்கொள்ளும், முகம் கறுத்துவிடும். எதிர்ப்பக்கம் திரும்பி உட்கார வைத்ததும் நெற்றியில் திருநீறுகூடத் தெரிந்தது.

இன்னொன்று பேச்சு. அம்மா யார் பேசினாலும் வரிக்கு வரி "ம்... ம்" கொட்டுவார். அந்த "ம்" ஜெர்மனி போய்ச் சேர ஒரு கணம் தாமதமாகிறது. எதிரொலி வராமல் தடுக்க, இரண்டு பேரும் சேர்ந்து பேசினால் போன் ஒருவர் குரலை அமுக்கியும் விடும். பேத்தியின் பேச்சு வெட்டி வெட்டி வந்ததற்கு நெட்டைத் திட்டிக்கொண்டிருந்தோம். பாதிக் காரணம் அந்த "ம்". இப்போது தலையை மட்டும் ஆட்டுகிறார். தலையாட்டுவது தெரியும் என்பதுதானே வீடியோவின் சௌகரியம்.

கூப்பிடுவதற்கு நான் வழி செய்துவிட்டு வந்தேன். பேத்தியின் உரையாடலைத் திறந்து, மேலே மூன்று புள்ளியைத் தொட்டு, More, Add shortcut என்று கொடுத்தால் முகப்புத் திரையிலேயே அவள் படம் வந்து உட்கார்ந்துவிடும். படத்தைத் தொடு, மேலே கேமராவைத் தொடு. இரண்டே தொடல். அத்தோடு Privacy பகுதியில் Calls என்பதற்குள் போய், முன்பின் தெரியாத எண்கள் மணி அடிக்காமலும் செய்துவிட்டேன். போலீஸ் உடுப்பில் வீடியோவில் வந்து மிரட்டிப் பணம் பறிக்கிறவர்கள் வயதானவர்களைத்தான் தேடுகிறார்கள்.

ஞாயிறுதோறும் மாலை ஆறரைக்கு அழைப்பு வரும் என்று பேச்சு. பேத்திக்கு அங்கே மதியம் மூன்று மணி. அக்டோபர் கடைசி ஞாயிறு வந்தது. ஆறரை ஆயிற்று, ஏழாயிற்று, போன் அசையவில்லை. அம்மா எனக்குப் போன் செய்து, பிள்ளைக்கு என்னமோ ஏதோ என்று அழாத குறை. நானும் பதறிவிட்டேன். ஏழரைக்கு அழைப்பு வந்தது. அவள் சரியாக மூன்று மணிக்குத்தான் கூப்பிட்டிருந்தாள். ஐரோப்பாவில் அன்றைக்குத்தான் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிறார்கள். மூன்றரை மணி நேர வித்தியாசம் நாலரை ஆகிவிடுகிறது. மார்ச் கடைசி ஞாயிறு திரும்ப மாறும்.

இதை நான் அம்மாவுக்கு விளக்க ஆரம்பித்தபோது, "பேத்தி சொல்லிருச்சு" என்றார். சமையல்கட்டில் தொங்குகிற காலண்டரில், மார்ச் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமையைச் சுற்றி மஞ்சளால் ஒரு வட்டம் போட்டிருந்தது.