நட்சத்திரங்களை மட்டும் பார்த்தால் போதுமா? ரிக்ரஷன் டேபிளை வரி வரியாகப் படிப்பது எப்படி?

டேட்டா அனலிட்டிக்ஸ் படிக்கும் பலர் ரிக்ரஷன் ரிசல்ட் திரையில் வந்ததும் முதலில் தேடுவது மூன்று நட்சத்திரங்களைத்தான். `***` இருந்தால் நிம்மதி. இல்லையென்றால் அந்தக் காரணியைத் தூக்கிவிட வேண்டியதுதான் என்று முடிவு. இந்தப் பழக்கம் எங்கே சறுக்கும் என்பதைக் காட்ட, ஆர் மென்பொருளுடனேயே வரும் `mtcars` என்ற பழைய டேட்டா ஒன்றே போதும்.

1974-ம் ஆண்டு அமெரிக்காவின் 'மோட்டார் ட்ரெண்ட்' இதழிலிருந்து எடுக்கப்பட்ட 32 கார்களின் விவரம் அது. `mpg` என்பது மைலேஜ், அதாவது ஒரு கேலனுக்கு எத்தனை மைல். `wt` என்பது காரின் எடை, ஆயிரம் பவுண்டு கணக்கில். எடை கூடினால் மைலேஜ் எவ்வளவு குறைகிறது என்று கேட்டால் ஆர் தரும் பதிலின் முக்கியப் பகுதி இது:

```
lm(formula = mpg ~ wt, data = mtcars)

            Estimate Std. Error t value Pr(>|t|)
(Intercept)  37.2851     1.8776  19.858  < 2e-16 ***
wt           -5.3445     0.5591  -9.559 1.29e-10 ***

Residual standard error: 3.046 on 30 degrees of freedom
Multiple R-squared:  0.7528, Adjusted R-squared:  0.7446
F-statistic: 91.38 on 1 and 30 DF,  p-value: 1.294e-10
```

எடை என்ன சொல்கிறது?

`wt` வரியில் இருந்து தொடங்கலாம். `Estimate` பத்தியில் -5.3445. இதுதான் கோஎஃபிஷியன்ட். இரண்டு கார்களுக்கு இடையே எடை ஆயிரம் பவுண்டு (சுமார் 454 கிலோ) வித்தியாசப்பட்டால், கனமான கார் சராசரியாக 5.34 மைல் குறைவாக ஓடும். நம்ம ஊர் கணக்கில் லிட்டருக்குச் சுமார் 2.3 கிலோமீட்டர் குறைவு. இந்த எண்ணைப் பார்க்கும்போது யூனிட்டை மறந்தால் எல்லாமே தப்பாகிவிடும். எடையைக் கிலோவில் கொடுத்திருந்தால் இதே உறவுக்கு -0.0118 என்ற குட்டி எண் வந்திருக்கும். எண் சின்னது என்பதால் தாக்கம் சின்னது ஆகிவிடாது.

மேலே இருக்கும் `(Intercept)` 37.2851 என்பது எடை பூஜ்யமாக இருக்கும் காரின் மைலேஜ். அப்படி ஒரு கார் உலகத்தில் கிடையாது, கோட்டை வரைய ஒரு தொடக்கப் புள்ளி வேண்டும், அவ்வளவுதான். இந்த டேட்டாவில் இருக்கும் கார்கள் சுமார் 1,500 பவுண்டில் தொடங்கி 5,400 பவுண்டு வரை. அந்த எல்லையைத் தாண்டி 7,000 பவுண்டு வண்டிக்கு இதே கோட்டை நீட்டினால் மைலேஜ் மைனஸில் போகும்! டேபிளில் எந்த இடத்திலும் இந்த எச்சரிக்கை இருக்காது.

அடுத்த பத்தி `Std. Error`. கையில் இருப்பது 32 கார்கள் மட்டுமே. வேறு 32 கார்களை எடுத்திருந்தால் -5.34-க்குப் பதில் வேறு எண் வந்திருக்கும். அந்த எண் வழக்கமாக எவ்வளவு ஆடும் என்பதன் அளவுதான் 0.5591. அதைப் போல இரண்டு மடங்கை இரு பக்கமும் விட்டுப் பார்த்தால், எடையின் தாக்கம் ஏறத்தாழ -6.5 முதல் -4.2 வரை எங்கோ இருக்கலாம் என்று கிடைக்கும். ரிப்போர்ட்டில் ஒற்றை எண்ணை எழுதுவதைவிட இந்த எல்லையை எழுதுவது நேர்மையானது.

`t value` புதுசு ஒன்றும் இல்லை. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் -9.559. ஆட்டத்தைவிட தாக்கம் ஒன்பதரை மடங்கு பெரியது. கடைசியில் உள்ள `1.29e-10` என்பது புள்ளிக்குப் பின் ஒன்பது பூஜ்யம் போட்டு 129 எழுதுவது. எடைக்கும் மைலேஜுக்கும் நேர்கோட்டு உறவே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு பெரிய `t` தற்செயலாக வர அவ்வளவு குறைந்த வாய்ப்புதான் இருக்கிறது என்று அர்த்தம். 'இந்த முடிவு தப்பாக இருக்க இவ்வளவு வாய்ப்பு' என்று இதைப் படிப்பது ரொம்பப் பரவலான தவறு.

கீழே இருக்கும் மூன்று வரிகள்

நட்சத்திரம் பார்த்து மயங்கியவர்கள் கவனிக்காமல் விடும் எண் 3.046. எடையை வைத்துக் கணித்த மைலேஜ், உண்மையான மைலேஜிலிருந்து வழக்கமாக 3 மைல் அளவுக்கு விலகுகிறது. சில கார்களில் இன்னும் அதிகம். ஃபியட் 128-க்குக் கணிப்பு 25.5, நிஜத்தில் 32.4. பக்கத்தில் உள்ள 30 என்பது 32 கார்களில் இரண்டு எண்களைக் கணிக்கச் செலவழித்தது போக மிச்சம்.

ஆர்-ஸ்கொயர்டு 0.7528. கார்களுக்கு இடையே மைலேஜில் இருக்கும் ஏற்ற இறக்கத்தில் (சராசரியிலிருந்து விலகலின் வர்க்கக் கணக்கில்) 75 சதவீதத்தை எடை மட்டுமே விளக்கிவிடுகிறது. 'மாடல் 75 சதவீதம் சரி' என்று இதைப் படிக்கக் கூடாது. கோடு வளைந்திருக்க வேண்டிய இடத்திலும் இந்த எண் நன்றாகவே வரும். இங்கேயே டேட்டாவின் மிகக் கனமான மூன்று கார்களும் கணிப்பைவிட அதிக மைலேஜ் தருகின்றன. கோடு அந்த முனையில் கொஞ்சம் வளைய வேண்டும் என்பதற்கான அறிகுறி அது.

கடைசி வரியில் எஃப் 91.38. மாடலில் இருக்கும் எல்லா காரணிகளையும் சேர்த்து ஒரே கேள்வி கேட்கிறது இது: இவற்றில் ஒன்றுகூட உதவவில்லையா? இங்கே காரணி ஒன்றே ஒன்று என்பதால் 9.559-ஐ வர்க்கம் செய்தால் இதே எண்தான். அப்போ இது எதற்கு?

பத்து காரணிகள் சேர்ந்தால்...

அதற்கான பதில் `lm(mpg ~ ., data = mtcars)` என்று ஓட்டினால் தெரியும். எடையோடு குதிரைத்திறன், சிலிண்டர் எண்ணிக்கை, இன்ஜின் கொள்ளளவு என மீதி ஒன்பது காரணிகளும் உள்ளே வந்துவிடும். ஆர்-ஸ்கொயர்டு 0.869 ஆக உயரும். எஃப் 13.93, அதன் `p-value` 3.793e-07, மாடல் சந்தேகமில்லாமல் வேலை செய்கிறது. ஆனால் மேலே பத்து காரணிகளில் ஒன்றுக்குக்கூட 0.05-க்குக் கீழே `p` கிடையாது. எடைக்கே 0.0633. நட்சத்திரம் மட்டும் பார்ப்பவர் 'மைலேஜுக்கும் எடைக்கும் சம்பந்தமில்லை' என்று எழுதி அனுப்பிவிடுவார்!

என்ன நடந்தது என்று `Std. Error` சொல்லிவிடுகிறது. எடைக்கு 0.5591 இருந்தது 1.894 ஆகிவிட்டது, மூன்று மடங்குக்கும் மேல். கனமான காருக்குப் பெரிய இன்ஜின், பெரிய இன்ஜினுக்கு அதிக சிலிண்டர் என்று எல்லாம் ஜோடி போட்டு நகர்கின்றன. மைலேஜ் குறைந்ததற்கு யார் காரணம் என்று பிரித்துச் சொல்ல 32 கார்கள் போதவில்லை. கூட்டாகக் கேட்கும் எஃப் 'ஆமாம்' என்கிறது, தனித்தனியாகக் கேட்கும் `t` தயங்குகிறது. இந்த முரண்பாடு கண்ணில் பட்டால் `car` என்ற பேக்கேஜில் உள்ள `vif()` ஓட்டிப் பார்க்கலாம். பத்துக்கு மேல் போனால் பிரச்சினை என்பது பொதுவான கணக்கு. இங்கே எடைக்கு 15, இன்ஜின் கொள்ளளவுக்கு 21-க்கும் மேல்.

காரணி சேர்க்கச் சேர்க்க ஆர்-ஸ்கொயர்டு ஒருபோதும் இறங்காது, தேவையில்லாததைச் சேர்த்தாலும் அப்படித்தான். அதற்காகத்தான் பக்கத்தில் `Adjusted` என்று இன்னொரு எண், சேர்த்த ஒவ்வொரு காரணிக்கும் அது கொஞ்சம் கழித்துக்கொள்ளும். பத்து காரணி மாடலில் அது 0.8066. எடையையும் குதிரைத்திறனையும் மட்டும் வைத்து ஓட்டினால் 0.8148. அந்த மாடலில் எடையின் கோஎஃபிஷியன்ட் -3.88 ஆகக் குறைகிறது, ஏனென்றால் இப்போது அது ஒரே குதிரைத்திறன் உள்ள இரண்டு கார்களை ஒப்பிடுகிறது. ஸ்டாண்டர்ட் எரரும் 0.63-க்கு இறங்கி, எடைக்கு மூன்று நட்சத்திரமும் திரும்பிவிடுகிறது.