மூலையில் காணாமல் போகும் வரைபடம்

‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்’ விளையாட்டில் வீரனுக்கு எவ்வளவு உயிர் மிச்சம் என்பதைக் காட்டும் இதயங்கள், திரையின் இடது மேல் மூலையில் வரிசையாக இருக்கும். வலது கீழ் மூலையில் சின்னதாக ஒரு வரைபடம். நின்டெண்டோ ஸ்விட்ச்சைக் கையில் வைத்து ஆடும்போது இரண்டும் முழுசாகத் தெரிகின்றன. அதையே டாக்கில் செருகிக் கூடத்து டிவியில் போட்டால், சில வீடுகளில் இதயங்கள் விளிம்போடு ஒட்டிக்கொள்கின்றன. வரைபடத்தின் ஓரம் வெட்டுப்படுகிறது. கேபிளை மாற்றினாலும் பலன் இருக்காது. கன்சோல் முழுப் படத்தைத்தான் அனுப்புகிறது. அதைக் கொஞ்சம் பெரிதாக்கி, நான்கு ஓரங்களையும் திரைக்கு வெளியே தள்ளுவது டிவி. இதற்கு ஓவர்ஸ்கேன் என்று பெயர்.

தட்டையான திரை வருவதற்கு முன்பு இதற்கு நியாயமான காரணம் இருந்தது. பழைய படக்குழாய் டிவியில் எலக்ட்ரான் கற்றைதான் படத்தை வரைந்தது. மின்னழுத்தம் மாறினால் படத்தின் அளவும் மாறும். வெளிச்சமான காட்சி வந்தால் படம் சற்றே விரியும். டிவிக்கு வயதானால் ஓரங்கள் வளையும். படத்தைத் திரையின் அளவுக்குச் சரியாக வரைந்தால், என்றாவது ஒருநாள் ஓரத்தில் கறுப்புப் பட்டை எட்டிப் பார்க்கும். அதனால் தையல்காரர் மடிப்புக்குத் துணி விடுவதுபோல, தயாரிப்பாளர்கள் படத்தைத் திரையைவிடப் பெரிதாகவே வரைய வைத்தார்கள். விளையாட்டுகளை உருவாக்கியவர்களும் மதிப்பெண்ணையும் உயிர்க்கணக்கையும் ஓரத்திலிருந்து தள்ளி உள்ளே வைத்தார்கள்.

இன்றைய திரையில் ஒவ்வொரு புள்ளிக்கும் நிலையான இடம் உண்டு. படம் விரியாது, வளையாது. ஆனாலும் பழைய ஒளிபரப்புகளின் ஓரத்தில் வரும் இரைச்சலை மறைப்பதற்காகப் பல டிவிகள் அந்தப் பழக்கத்தை விடவில்லை. எச்டிஎம்ஐ வழியாகச் சுத்தமான படம் வந்தாலும் அதையும் பெரிதாக்கிவிடுகின்றன.

இதில் எவ்வளவு போகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டாக்கில் இருக்கும் ஸ்விட்ச் 1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமும் கொண்ட படத்தை அனுப்புகிறது. டிவி மொத்தத்தில் 5 சதவீதம் வெட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். இடது, வலது ஓரங்களில் 48 புள்ளிகள் வீதமும் மேலும் கீழும் 27 புள்ளிகள் வீதமும் போய்விடும். மிஞ்சுவது 1824க்கு 1026. டிவி அதை இழுத்து மறுபடி 1920க்கு 1080 ஆக்குகிறது. இல்லாத புள்ளிகளை அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஊகித்துத்தான் நிரப்ப வேண்டியிருப்பதால், ஓரம் வெட்டுப்படுவதோடு சிறிய எழுத்துகளும் மங்குகின்றன.

இந்தக் கட்டத்தில் பலர் கன்சோலின் பக்கம் போகிறார்கள். ஸ்விட்ச்சின் System Settings பகுதியில், டிவிக்கான அமைப்புகளுக்குள் Adjust Screen Size என்று ஒன்று உண்டு. அதை 95 சதவீதமாகக் குறைத்தால் வரைபடம் உள்ளே வந்துவிடும். பிரச்சினை தீர்ந்த மாதிரி தெரியும், ஆனால் தீரவில்லை. கன்சோல் 1920 புள்ளிகளை 1824க்குள் நசுக்குகிறது, டிவி அந்த 1824ஐ மறுபடி 1920க்கு இழுக்கிறது. ஒரே படம் இரண்டு முறை கசங்குகிறது. வேறு வழியே இல்லாத டிவிக்கு மட்டும்தான் இதைச் செய்யலாம்.

சரியான வரிசை இதற்கு நேர்மாறானது. முதலில் கன்சோலில் அளவை 100 சதவீதத்திலேயே வைத்துவிட்டு டிவியின் ரிமோட்டை எடுக்க வேண்டும். தேடவேண்டிய அமைப்புக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒரு பெயர் வைத்திருப்பதுதான் இதில் உள்ள சிரமம். சாம்சங் டிவியில் Picture Size Settings பகுதியில் Fit to Screen என்று இருக்கும். பழைய மாடல்களில் அது Screen Fit. எல்ஜியில் Just Scan. சோனியில் Display Area என்பதற்குள் போய் Full Pixel. ஷார்ப்பில் Dot by Dot. பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்: வந்த படத்தைப் பெரிதாக்காமல் புள்ளிக்குப் புள்ளி காட்டுவது. கன்சோலை ஓடவிட்டு, அதன் படம் திரையில் இருக்கும்போதே இதை மாற்ற வேண்டும். பல டிவிகள் இந்த அமைப்பை ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனியாக நினைவில் வைப்பதால், கேபிளை அடுத்த துளைக்கு மாற்றினால் பழைய தொல்லை திரும்பிவிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் வெட்டுப்படும் படத்துக்கு. முகம் அகலமாகவோ ஒல்லியாகவோ தெரிந்தால் அது வேறு நோய். விளையாட்டில் வட்டமான ஒரு பொருள் வரும்போது நிறுத்திவிட்டு, திரையின்மேல் அளவுகோலை வைத்துப் பார்த்தால் இரண்டையும் பிரித்துவிடலாம். ஓவர்ஸ்கேன் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பெரிதாக்குவதால் வட்டம் வட்டமாகவே இருக்கும். வட்டத்தின் அகலம் உயரத்தைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இருந்தால், 4:3 படத்தை டிவி 16:9 திரை முழுக்க இழுத்திருக்கிறது என்று அர்த்தம். அகலம் உயரத்தில் முக்கால் பங்குதான் என்றால் தவறு எதிர்ப்பக்கத்தில் நடந்திருக்கிறது.

2006இல் வந்த நின்டெண்டோ வீ இதற்கு நல்ல உதாரணம். அதன் Screen அமைப்பில் 4:3, 16:9 என்று இரண்டு தேர்வுகள் உண்டு. எதைத் தேர்ந்தெடுத்தாலும் கம்பியில் போகும் படத்தில் வரிகளின் எண்ணிக்கை மாறுவதில்லை. 16:9 என்று வைத்தால், அகலமான காட்சியை அதே சட்டத்துக்குள் பக்கவாட்டில் நெருக்கி அனுப்புகிறது. விரித்துக் காட்டவேண்டியது டிவியின் பொறுப்பு. ஆகவே இரண்டு பக்கமும் ஒத்துப்போக வேண்டும். வீ 16:9இலும் டிவி 4:3இலும் இருந்தால் மரியோ ஒல்லியாகி, இரு பக்கமும் கறுப்புப் பட்டைகள் நிற்கும். மாறி இருந்தால் மரியோ பருத்துவிடுவார். அதே வீயில் கேம்கியூப் தட்டைப் போட்டால் டிவியை 4:3க்கு மாற்றிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அந்த விளையாட்டுகளில் பெரும்பாலானவை அந்த வடிவத்துக்காகவே செய்யப்பட்டவை.

கறுப்புப் பட்டைகள் பிடிக்காமல் சிலர் Zoom பொத்தானை அழுத்துகிறார்கள். வட்டம் வட்டமாகவே இருக்கும், திரையும் நிரம்பும். ஆனால் 4:3 படத்தை 1920 புள்ளி அகலத்துக்குப் பெரிதாக்கினால் உயரம் 1440 ஆகிறது. திரையில் இடம் இருப்பதோ 1080க்கு. படத்தில் கால்வாசி மேலும் கீழுமாகப் போய்விடுகிறது. பக்கங்கள் முழுசாக இருந்து, மேலும் கீழும் மட்டும் தாராளமாக வெட்டுப்பட்டிருந்தால் இதுதான் காரணம்.

மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கம்பிகளை எச்டிஎம்ஐயாக மாற்றும் மலிவான பெட்டிகள் இன்னொரு சிக்கல். அவற்றில் பல, 4:3 படத்தைத் தாங்களே 16:9ஆக இழுத்து அனுப்புகின்றன. எச்டி படம் வருகிறது என்று நம்பும் சில டிவிகள் 4:3 தேர்வையே பூட்டிவிடுகின்றன. டிவியில் ஏவி துளை இருந்தால் பெட்டியை ஓரம்கட்டிவிட்டு நேராகச் செருகலாம். இல்லையென்றால் 4:3க்கும் 16:9க்கும் மாற்றும் பொத்தான் உள்ள பெட்டியாகப் பார்த்து வாங்க வேண்டும்.

ஓவர்ஸ்கேனை அணைக்காமல் விடுவதே நல்லது என்ற இடமும் ஒன்று உண்டு. 1988இல் ஜப்பானில் வெளியான சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3ஐ அதன் அசல் கருவியில் முழுப் படமாகக் காட்டினால், காட்சி பக்கவாட்டில் நகரும்போது வலது ஓரத்தில் நிறம் பிசகிய கட்டங்கள் மின்னுவது தெரியும். படக்குழாய் டிவி அந்த ஓரத்தை எப்படியும் மறைத்துவிடும் என்ற தைரியத்தில் விடப்பட்டவை அவை. பழைய கருவி செருகியிருக்கும் துளைக்கு மட்டும் டிவியின் வழக்கமான வெட்டை அப்படியே வைத்துக்கொண்டு, புதிய கன்சோலின் துளைக்கு அதை அணைத்துவிடலாம்.